தாய்லாந்து உணவகப் பட்டியலைப் படமெடுத்துத் தமிழாக்குவது எப்படி? பெயரும் காரமும் ஒவ்வாமைக் குறிப்பும் பிசகாமல் கொண்டுவரும் முறை

தாய்லாந்தின் மொழியான தாயில் கோழிக்கும் முட்டைக்கும் இடையே ஓரெழுத்துதான் வித்தியாசம். பன்றி இறைச்சியைக் குறிக்கும் ‘மூ’ என்ற சொல்லும், நூடுல்ஸைக் குறிக்கும் ‘மீ’ என்ற சொல்லும் ஒரே மெய்யெழுத்துகளால் ஆனவை. முதலாவதில் உயிர்க்குறி எழுத்துக்குக் கீழே வரும். இரண்டாவதில் மேலே வரும். ‘காரம்’ என்ற சொல்லின் முதல் மெய்யெழுத்தை மாற்றினால் ‘வாத்து’ வந்துவிடும். பாங்காக்கில் ஒரு சிறிய கடையின் பட்டியலைக் கைப்பேசியில் படமெடுத்து, செயலியில் போட்டு, வருவதை அப்படியே குடும்பத்துக்கு வாசித்துக் காட்டுபவர் இத்தனை கண்ணிகளையும் தாண்டி வந்தாக வேண்டும். முட்டை ஒவ்வாத குழந்தையோ, இறால் பட்டாலே உதடு வீங்கும் பெரியவரோ உடன் இருந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும்.

குழுவாகப் பயணம் போகிறவர்களுக்கு இப்படிப்பட்ட பட்டியல்களைத் தமிழில் தயாரித்துக் கொடுக்கும் பழக்கத்தில் நான் கடைப்பிடிக்கும் முறையைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். எல்லாப் படிகளுக்கும் அடியில் இருக்கும் விதி ஒன்றுதான்: பட்டியல் சொல்வதையும் நமக்குத் தெரிந்ததையும் கலக்கக் கூடாது. மூலத்தில் இல்லாத உறுதியை மொழிபெயர்ப்பு கொடுத்துவிடக் கூடாது.

படம் எடுத்தல்

தாய் எழுத்தில் உயிர்க்குறிகள் மெய்க்கு மேலும் கீழும் முன்னும் பின்னும் வரும். ஓசையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறிகள் அவற்றுக்கும் மேலே ஏறி உட்காரும். சொற்களுக்கு இடையே இடைவெளியும் கிடையாது. அதனால் ஆங்கிலப் பட்டியலுக்குப் போதுமான படம் இதற்குப் போதாது. பக்கத்துக்கு நேர் எதிரே கைப்பேசியைப் பிடியுங்கள். பிளாஷை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும் இடத்தில் குறிகள் மறைந்துவிடும். ஒரு பக்கத்தை ஒரே படமாக எடுக்காமல், இரண்டு மூன்று வரிகள் மேற்படும்படி துண்டு துண்டாக எடுங்கள். எடுத்தவுடன் அங்கேயே பெரிதாக்கிப் பார்த்து, மேல்குறியும் கீழ்க்குறியும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று உறுதி செய்யுங்கள். மேசையை விட்டு எழுந்த பிறகு மங்கலான படத்தைத் திருத்த வழியில்லை.

பலர் உணவுப் பெயர்களை மட்டும் படமெடுத்துவிட்டு ஓரங்களை விட்டுவிடுகிறார்கள். முன்னட்டை, கடைசிப் பக்கம், பக்கத்தின் அடிக்குறிப்பு, நட்சத்திரக் குறி, மிளகாய்ப் படம் எதைக் குறிக்கிறது என்ற விளக்கம், சுவரில் ஒட்டியிருக்கும் தாள் ஆகிய அனைத்தும் வேண்டும். ஒவ்வாமை பற்றிய எச்சரிக்கை எங்காவது இருந்தால் பெரும்பாலும் இந்த ஓரங்களில்தான் இருக்கும்.

எழுத்தைப் பிரித்தெடுத்தல்

கைப்பேசியைக் காட்டியவுடன் தாய் எழுத்தின் மேலேயே தமிழை ஒட்டிக் காட்டும் வசதியை, கடை எப்படிப்பட்டது என்று மேலோட்டமாக அறியப் பயன்படுத்தலாம். உணவு கேட்பதற்கு அதை நம்ப வேண்டாம். அது மூலத்தை மறைத்துவிடுகிறது, வரிகளை ஒன்றோடொன்று சேர்த்துவிடுகிறது, கையைச் சற்று அசைத்தால் வேறு சொல் காட்டுகிறது. படத்திலிருந்து தாய் எழுத்தை உரையாகப் பிரித்தெடுத்து ஓரிடத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, வரிவரியாகத் தனித்தனியே மொழிபெயர்ப்பதே பாதுகாப்பானது. ஒவ்வொரு வரிக்கும் தமிழையும் ஆங்கிலத்தையும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு பொருளைச் சொன்னால் அந்த வரியில் ஏதோ தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அங்கே மறுபடியும் படத்துக்குப் போக வேண்டும்.

வரி மாறாமல் இருக்க விலையே நல்ல நங்கூரம். வரிசை எண் இல்லாவிட்டால் நீங்களே ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, பக்கத்தில் விலையையும் எழுதிக்கொள்ளுங்கள். சில கடைகள் விலையைத் தாய் எண்களில் எழுதும். அதையும் முதலிலேயே மாற்றிவைத்துவிடுங்கள். ஒரு வரி நழுவினால் மூன்றாவது உணவின் எச்சரிக்கை நான்காவது உணவுக்குப் போய்விடும், படிப்பவருக்கு அது தெரியவும் தெரியாது.

இன்னொன்று: ஒரே உணவுக்கு இரண்டு விலை இருந்து, இரண்டாவதற்கு மேல் ‘பிசேட்’ என்று இருந்தால் ‘சிறப்பு உணவு’ என்று எழுதாதீர்கள். கூடுதல் அளவு என்பதுதான் அதன் பொருள்.

பெயரை என்ன செய்வது

பெயரை மொழிபெயர்க்காதீர்கள். ஒலியை எழுதுங்கள், அடுத்த வரியில் அது என்ன என்று விளக்குங்கள். ‘சூவா ரோங் ஹாய்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘அழும் புலி’ வரும். வாட்டிய மாட்டிறைச்சித் துண்டுகள், தொட்டுக்கொள்ளக் காரச் சாறு என்பதே உண்மையான உணவு. ‘காய் லூக் கோய்’ என்பது ‘மருமகன் முட்டை’. அவித்த முட்டையை எண்ணெயில் பொரித்துப் புளியும் சர்க்கரையும் சேர்ந்த பாகு ஊற்றிக் கொடுப்பார்கள். ‘பக் பூங் ஃபாய் டேங்’ என்பதில் ‘செந்தீ’ என்ற சொல் இருக்கிறது. அது பெருந்தீயில் வதக்குவதைச் சொல்கிறதே ஒழியக் காரத்தை அல்ல. கீரையோ நம்முடைய வள்ளைக்கீரைதான்; சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் கங்கோங் என்றால் உடனே புரிந்துகொள்வார்கள்.

மிக அதிகமாகக் குழப்புவது ‘கேங் கியாவ் வான்’. சொல்லுக்குச் சொல் ‘பச்சை இனிப்புக் குழம்பு’. இனிப்பு என்ற சொல்லை நம்பி அதைக் குழந்தைக்கு வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. அங்கே அந்தச் சொல் மென்பச்சை நிறத்தைக் குறிக்கிறது. பச்சை மிளகாயை அரைத்துச் செய்யும் குழம்பு அது, நன்றாகவே காரமாக இருக்கும். ‘பச்சை மிளகாய் அரைத்த தேங்காய்ப்பால் குழம்பு’ என்று விளக்கம் எழுதினால் தவறாகப் புரிந்துகொள்ள இடமில்லை.

மூலிகைகளிலும் கவனம் வேண்டும். இறைச்சியோடு இலை சேர்த்து வதக்கும் ‘பட் கப்ராவ்’ என்பதில் வரும் கப்ராவ் நம் வீட்டு முற்றத்துத் துளசியின் இனம்தான். பச்சைக் குழம்பில் போடும் ‘ஹோரபா’ வேறு, அது திருநீற்றுப்பச்சிலை வகை. இரண்டையும் ‘பேசில் இலை’ என்று ஒன்றாக எழுதுவதைவிட இப்படிப் பிரித்து எழுதினால் தமிழ் வாசகர் சுவையை ஊகித்துவிடுவார்.

ஒலியைத் தமிழில் எழுதும்போது ஒரு வரம்பு இருக்கிறது. கோழிக்கும் முட்டைக்கும் தாயில் இரண்டு வேறு ‘க’ ஒலிகள். தமிழ் எழுத்தில் இரண்டும் ‘காய்’ என்றே வரும். காரமும் வாத்தும் இரண்டுமே ‘பெட்’ ஆகிவிடும். தாய் மொழியில் ஓசை ஏறி இறங்குவதைப் பொறுத்துப் பொருள் மாறும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே தமிழில் எழுதிய ஒலியை வாசித்து மட்டும் உணவு கேட்கக் கூடாது. தாய் எழுத்து வரியை அருகிலேயே வைத்து, அதை விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டே சொல்ல வேண்டும். உங்கள் தாளில் மூல எழுத்துக்கு ஓர் இடம் ஒதுக்குவது இதற்காகத்தான்.

காரத்தை எழுதுதல்

பட்டியலில் வரக்கூடிய நான்கு சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். ‘மாய் பெட்’ காரம் வேண்டாம், ‘பெட் நோய்’ கொஞ்சம் காரம், ‘பெட் கிளாங்’ நடுத்தரம், ‘பெட் மாக்’ மிகுந்த காரம். மிளகாய்ப் படங்கள் இருந்தால் அவற்றைச் சொற்களாக மாற்றாதீர்கள். மூன்று மிளகாய் வரை காட்டும் பட்டியலில் ஓர் உணவுக்கு இரண்டு மிளகாய் இருந்தால் உங்கள் தாளிலும் ‘மூன்றில் இரண்டு மிளகாய்’ என்றே இருக்கட்டும். அந்த அளவுகோல் அந்தக் கடைக்கு மட்டும் உரியது. ஒரு மிளகாயை ‘காரமில்லை’ என்று எழுதுவது பெரும் தவறு; மிளகாய்ப் படமே இல்லாத உணவையும் அப்படி எழுதக் கூடாது. ‘காரக் குறி இல்லை’ என்று எழுதுங்கள்.

கடையில் மாற்றக்கூடிய காரம் எது, மாற்ற முடியாத காரம் எது என்பதைப் பட்டியல் சொல்லாது. ஆனால் படிப்பவருக்கு மிகவும் பயன்படும் செய்தி அதுதான். பப்பாளிக் காயை இடித்துச் செய்யும் சோம் தம், பட் கப்ராவ் போன்றவற்றை நீங்கள் கேட்ட பிறகு செய்கிறார்கள், மிளகாயைக் குறைக்கலாம். பச்சைக் குழம்பில் மிளகாய் விழுதிலேயே அரைபட்டுவிட்டது. பானையில் இருக்கும் குழம்பின் காரத்தை யாராலும் குறைக்க முடியாது. ‘காரம் குறைத்துக் கேட்கலாம்’ அல்லது ‘குறைக்க முடியாது’ என்று ஒவ்வொரு உணவுக்கும் ஒரு சிறு குறிப்பு சேர்த்தால், அது தாளிலேயே அதிகம் வாசிக்கப்படும் வரியாக இருக்கும்.

சோம் தம் கடையில் மிளகாயை எண்ணிச் சொல்வது வழக்கம். ‘ப்ரிக் மெட் டியாவ்’ என்றால் ஒரே மிளகாய், ‘மாய் சாய் ப்ரிக்’ என்றால் மிளகாய் போட வேண்டாம். ஊசிமிளகாய் அளவே இருக்கும் அந்த மிளகாய்க்கு உறைப்பு அதிகம் என்பதால் ‘கொஞ்சம்’ என்று சொல்வதைவிட எண்ணிக்கை சொல்வது நல்லது.

ஒவ்வாமைக் குறிப்பு

ஒவ்வொரு உணவுக்கும் மூன்று தனி வரிகள் எழுதுங்கள். முதலாவது, ‘பட்டியலில் உள்ளது’: அச்சில் இருப்பது மட்டும். இரண்டாவது, ‘வழக்கமாகச் சேர்ப்பது’: அச்சில் இல்லை, ஆனால் அந்த உணவு பொதுவாக அப்படித்தான் செய்யப்படுகிறது. மூன்றாவது, ‘கேட்க வேண்டியது’. இந்த மூன்றையும் ஒரே வரியில் கலந்தால், படிப்பவர் எதை நம்புவது, எதை விசாரிப்பது என்று தெரியாமல் போய்விடுவார். ‘இறால் இல்லை’ என்று நீங்களாக ஒருபோதும் எழுதாதீர்கள். பட்டியல் சொல்லாமல் விட்டதை இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது வரியை நிரப்ப, பெயரில் வெளிப்படாத சில பொருள்களைத் தெரிந்திருக்க வேண்டும். ‘நாம் ப்ளா’ எனும் மீன் சாறு உப்பின் இடத்தில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் விழுகிறது. ‘கபி’ எனும் இறால் விழுது பச்சை, சிவப்புக் குழம்பு விழுதுகளில் அரைபட்டிருக்கும். அதனால் கோழிக் குழம்பும் இறால் ஒவ்வாமைக்காரருக்கு ஆபத்தே. ‘நாம் மன் ஹோய்’ எனும் சிப்பிச் சாறு வதக்கிய கீரையிலும் இருக்கும். ‘குங் ஹேங்’ எனும் காய்ந்த இறால் சோம் தம்மிலும் ‘பட் தாய்’ எனும் வதக்கிய நூடுல்ஸிலும் வரும். சோயா சாற்றில் பெரும்பாலும் கோதுமை உண்டு. மசமன் குழம்பில் நிலக்கடலை சேர்ப்பது வழக்கம்.

எச்சரிக்கையைத் தமிழில் எழுதும்போது நம் மொழியின் பக்கமும் பார்க்க வேண்டும். ‘துவா’ என்றால் தாயில் பயறு, அவரை, கடலை அனைத்துக்கும் பொதுப் பெயர். நிலக்கடலை ‘துவா லிசோங்’, முளைப்பயறு ‘துவா ங்ஙோக்’. செயலி இதை வெறும் ‘கடலை’ என்று கொடுத்தால் கொண்டைக்கடலையா, வேர்க்கடலையா என்று தமிழ்நாட்டு வாசகருக்கே ஐயம் வரும். இலங்கை வாசகர் கொண்டைக்கடலை என்றே எடுத்துக்கொள்வார், ஏனென்றால் நிலக்கடலைக்கு அவர் சொல்வது கச்சான். அதனால் எச்சரிக்கையில் எப்போதும் ‘நிலக்கடலை / வேர்க்கடலை / கச்சான்’ என்று மூன்றையும் எழுதுகிறேன். இடம் கொஞ்சம் வீணாகிறது என்றாலும் பரவாயில்லை. அதேபோல் ‘பால்’ என்று மட்டும் எழுதக் கூடாது. ‘கதி’ தேங்காய்ப்பால், ‘நோம்’ பசும்பால் போன்ற பால். முதலாவதைப் ‘பால்’ என்று எழுதினால் பால் ஒவ்வாதவர் வீணாகப் பட்டினி கிடப்பார். இரண்டாவதைத் தேங்காய்ப்பால் என்று நினைத்தால் நோய்ப்படுவார்.

‘பே’ என்ற வினைச்சொல்லுக்கு ஒவ்வாமை என்றும் தோல்வி என்றும் இரு பொருள் உண்டு. ‘உணவில் தோற்றால் ஊழியரிடம் சொல்லவும்’ என்பது போன்ற விசித்திரமான வரியைச் செயலி தந்தால் அதைக் குப்பை என்று தள்ளிவிடாதீர்கள். அந்தப் பக்கத்தின் மிக முக்கியமான வரி அதுவாக இருக்கலாம்: ‘உணவு ஒவ்வாமை இருந்தால் ஊழியரிடம் தெரிவிக்கவும்.’

சைவம் என்ற சொல்லைப் பயன்படுத்துவதிலும் நிதானம் வேண்டும். ‘மங்சவிரத்’ என்ற சொல்லில் நம் காதுக்கு மாமிசமும் விரதமும் கேட்கும். இறைச்சி இல்லாதது என்றே பொருள், ஆனால் முட்டை இருக்கலாம், மீன் சாறும் புகுந்துவிடலாம். மஞ்சள் கொடியில் சிவப்பாக எழுதியிருக்கும் ‘ஜே’ கண்டிப்பானது: இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயமும் இல்லை. தமிழில் இரண்டையும் ‘சைவம்’ என்று எழுதாமல், முதலாவதை ‘இறைச்சி இல்லாதது, முட்டையும் மீன் சாறும் கேட்டறியவும்’ என்றும், இரண்டாவதை ‘ஜே: முட்டை, பால், மீன் சாறு இன்றிச் செய்வது’ என்றும் எழுதுகிறேன்.

ஒரு வரியை முழுமையாகச் செய்து பார்ப்போம்

பட்டியலின் முதல் வரி ‘சோம் தம் தாய்’, விலை 50 பாட், பக்கத்தில் மூன்றுக்கு இரண்டு மிளகாய்ப் படம் என்று வைத்துக்கொள்வோம். விளக்கத்தில் பப்பாளி, நிலக்கடலை என்று மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். செயலி ‘தாய் புளிப்பு இடித்தது’ என்பதுபோல் எதையோ தரும். நம் தாளில் அது இப்படி வரும்:

1 — 50 பாட் — தாய் எழுத்தில் மூலப் பெயர்
ஒலி: சோம் தம் தாய்
என்ன: பப்பாளிக் காயைத் துருவி, எலுமிச்சைச் சாறும் பனைவெல்லமும் சேர்த்து உரலில் இடித்த கலவை
காரம்: மூன்றில் இரண்டு மிளகாய். குறைத்துக் கேட்கலாம்
பட்டியலில் உள்ளது: பப்பாளி, நிலக்கடலை / வேர்க்கடலை / கச்சான்
வழக்கமாகச் சேர்ப்பது: காய்ந்த இறால், மீன் சாறு
கேட்க வேண்டியது: உரல் பொதுவா?

கடைசி வரியைச் சற்று விளக்க வேண்டும். சோம் தம் கடையில் பல வகைகளையும் ஒரே உரலில் அடுத்தடுத்து இடிப்பார்கள். முந்தைய வாடிக்கையாளருக்கு உப்பிட்ட நண்டும் நொதிக்க வைத்த மீனும் சேர்ந்த ‘சோம் தம் பூ ப்ளா ரா’ இடித்திருக்கலாம். ‘மாய் சாய் துவா லிசோங்’, அதாவது நிலக்கடலை போட வேண்டாம் என்று சொன்னால் உங்கள் பங்கில் போட மாட்டார்கள். உரலின் அடியில் ஒட்டியிருக்கும் தூள் போகாது. உரல் பெரும்பாலும் கடையின் முன்பக்கத்திலேயே இருக்கும், நின்று பார்த்தால் நீங்களே தெரிந்துகொள்ளலாம். நிலக்கடலைக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர் அங்கே சாப்பிடக் கூடாது என்பதே என் முடிவு. எவ்வளவு நல்ல மொழிபெயர்ப்பாலும் அதை மாற்ற முடியாது.

‘பட் கப்ராவ் மூ’ என்ற வரிக்கு அடியில் ‘காய் டாவ்’ கூடுதல் 10 பாட் என்று இருந்தால் அது தனி உணவல்ல. மேலே வைக்கும் பொரித்த முட்டை அது. அதைத் தனி வரியாக்காமல் அந்த உணவின் கீழேயே சேர்த்து, ‘முட்டை: கேட்டால் மட்டும்’ என்று குறியுங்கள். முட்டை ஒவ்வாதவர் வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் அதே வாணலியில் பொரிக்கிறார்களா என்பது மீண்டும் ‘கேட்க வேண்டியது’ என்ற வரிக்குப் போகும்.

சரிபார்த்தல்

மொழிபெயர்த்தவரே சரிபார்த்தால் தன் ஊகத்தையே மறுபடியும் வாசிப்பார். இன்னொருவரிடம் தாளையும் படத்தையும் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். படத்தில் எத்தனை வரிகள், தாளில் எத்தனை. படத்தில் மொத்தம் எத்தனை மிளகாய், தாளில் எத்தனை. நட்சத்திரக் குறிகளும் அடிக்குறிப்புகளும் எத்தனை. இதற்குத் தாய் மொழி தெரிய வேண்டியதில்லை. எண்ணிக்கை ஒன்றாக இல்லாவிட்டால் ஏதோ ஒரு வரி நழுவியிருக்கிறது. பிறகு கோழி, முட்டை, பன்றி, நூடுல்ஸ், வாத்து, காரம் ஆகிய சொற்கள் வரும் வரிகளை மட்டும் படத்தில் பெரிதாக்கி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஐயம் தீராத இடத்தில் ‘படத்தில் தெளிவில்லை’ என்று எழுதுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம்.

கடுமையான ஒவ்வாமை உள்ளவருக்கு இந்தத் தாளோடு இன்னொன்றும் வேண்டும். தமக்கு எது ஒவ்வாது, சிறிதளவும் ஆபத்து, ஒரே உரலும் வாணலியும் கூடாது என்று தாய் எழுத்தில் தெளிவாக எழுதிய ஓர் அட்டை. அதை விடுதி வரவேற்பில் இருப்பவரிடம் காட்டி, அவர் வாசித்துப் பொருள் சொன்ன பிறகே பையில் வைத்துக்கொள்ள வேண்டும். உணவகத்தில் அதைப் பரிமாறுபவரிடம் காட்டுவதோடு நிறுத்தாமல், சமைப்பவரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

தாளின் மேல் மூலையில் கடையின் பெயரையும் படமெடுத்த தேதியையும் எழுதிவையுங்கள். அடுத்த முறை அதே கடைக்குப் போகும்போது முதலில் விலைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். விலை மாறியிருந்தால் பட்டியல் புதிதாக அச்சிடப்பட்டிருக்கிறது, வரிசையும் மாறியிருக்கலாம், சேர்க்கும் பொருள்களும் மாறியிருக்கலாம். அந்தப் பழைய தாளை வைத்து உணவு கேட்காமல் மறுபடியும் படமெடுங்கள்.